இரவு பால் கணக்கு இறக்குமதி: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பைப் படித்துப் பிழை சொல்ல வேண்டுகிறேன்

தொப்பூர்க்கணவாய் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தருமபுரியில் ஒரு தனியார் பால் கொள்முதல் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணினிப் பிரிவைக் கவனித்து வருகிறேன். இந்த மாத இறுதியில் அங்கிருந்து விலகுகிறேன். எனக்குப் பின் வரும் தம்பி அரூரைச் சேர்ந்தவர், இந்தத் தளத்திலும் இருக்கிறார். அவரிடம் ஒப்படைக்கப் போகும் வேலைகளில் ஒன்றே ஒன்றுதான் என் மனத்தை உறுத்துகிறது. அது இரவு இறக்குமதிப் பணி. அதைப் பற்றி நான் எழுதியுள்ள குறிப்பை அப்படியே கீழே தருகிறேன். தவறான முடிவு ஏதேனும் இருந்தால், அது தம்பியின் தலையில் விழுவதற்கு முன் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

பணி இதுதான். பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம், அரூர் முதலிய ஆறு குளிரூட்டும் நிலையங்களில் இருந்து அன்றைய காலை, மாலைப் பால் கணக்கு நிலையத்துக்கு ஒரு கோப்பாக எங்கள் சர்வருக்கு வருகிறது. ஒவ்வொரு வரியிலும் தேதி, வேளை, நிலையம், உறுப்பினர் எண், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை என எட்டுப் பத்திகள் உண்டு. நிலையக் கணினிகள் இரவு 1:00 மணிக்குக் கோப்பை அனுப்பத் தொடங்குகின்றன. 1:30 மணிக்கு கிரான் எங்கள் பைத்தான் நிரலை இயக்குகிறது. அது கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து டேட்டாபேஸில் ஏற்றி, ஏற்றி முடித்த கோப்பை `/data/in` என்ற அடைவிலிருந்து `/data/arch` என்ற அடைவுக்கு நகர்த்துகிறது.

அறிகுறிகள்: கடந்த ஐந்து மாதங்களில் 13 இரவுகளில் ஏதேனும் ஒரு நிலையத்தின் கணக்கு குறைவாக ஏறியிருந்தது, அல்லது அறவே ஏறவில்லை. எல்லா நிலையங்களும் ஒரே இரவில் குறைந்தது இல்லை. அந்த இரவுகளிலும் பணி வெற்றிகரமாக முடிந்ததாகவே லாக் சொல்கிறது. எட்டுப் பத்திகள் இல்லாத வரியை நிராகரித்துவிட்டு மேலே செல்லும்படி நிரல் எழுதப்பட்டிருக்கிறது. குறைவாக ஏறிய இரவுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு வரி நிராகரிக்கப்பட்டிருக்கும்.

செய்து பார்த்தவை: முதலில் பணி 1:00 மணிக்கே ஓடியது. அதை 1:30 மணிக்குத் தள்ளினேன், தவறும் இரவுகள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. தவறிய கோப்பைக் காலையில் மறுபடி ஏற்றியபோது இரட்டை வரிகள் விழுந்தன. எனவே அந்த நிலையத்தின் அந்த நாள் வரிகளை அழித்துவிட்டு ஏற்றும்படி நிரலை மாற்றினேன், அந்தத் தொல்லை தீர்ந்தது. டேட்டாபேஸுக்கு நினைவகத்தை இரு மடங்காக்கினேன், பலன் இல்லை. வட்டையும் மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை.

கோப்பு பாதியில் வந்ததா என்பதையும் பார்த்தாகிவிட்டது. காலையில் `/data/arch` அடைவில் இருக்கும் கோப்பைத் திறந்து எண்ணினால் வரிகள் முழுமையாக இருக்கின்றன. அதே கோப்பை மறுபடி ஏற்றினால் எல்லா வரிகளும் ஏறுகின்றன. ஆகவே கோப்பில் குறை இல்லை, டேட்டாபேஸ் பக்கமே சிக்கல் இருக்கிறது என்று குறிப்பில் முடிவு எழுதியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_எழுத்தர்

நான் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தவன். பொறுப்பு ஒப்படைக்கும்போது பட்டியலில் இருவரும் கையொப்பமிட்டு, மேலதிகாரியின் ஒப்பமும் பெற வேண்டும். தங்கள் குறிப்பில் அதற்கு இடமே இல்லை. சாவிகள், பதிவேடுகள் எத்தனை என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொப்பூர்க்கணவாய்

நன்றி ஐயா. கையொப்பப் பட்டியல் தனியாக இருக்கிறது. இது பழுதைப் பற்றிய தொழில்நுட்பக் குறிப்பு மட்டுமே.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்

எங்கள் மாங்கூழ் ஆலையில் இதே நோய் இருந்தது. எடைமேடைக் கணக்கை ஏற்றும் சர்வர் யூ.டி.சி. நேரத்தில் ஓடியது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், நமக்கு இரவு 1:30 ஆகும்போது அதற்கு முந்தைய நாள் இரவு 8:00 மணிதான். நிரல் 'இன்றைய தேதி' என்று கேட்டு நேற்றைய கோப்பைத் தேடிக்கொண்டிருந்தது. உங்கள் சர்வரில் `timedatectl` என்று தட்டிப் பாருங்கள். நேர மண்டலத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும்.

தொப்பூர்க்கணவாய்

சர்வர் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. நேர மண்டலம் தவறாக இருந்திருந்தால் ஒவ்வோர் இரவும் ஆறு நிலையங்களும் தவறியிருக்க வேண்டும் அல்லவா? எங்களுக்கு ஒரு நிலையம் மட்டும் தவறுகிறது, அதுவும் சில இரவுகளில் மட்டுமே.

தென்பெண்ணை

கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் குறிப்பு நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் கடைசிப் பத்தியில் உள்ள முடிவு தவறு என்றே நினைக்கிறேன், அதை அப்படியே ஒப்படைத்தால் தம்பி இன்னும் ஐந்து மாதம் டேட்டாபேஸையே தோண்டிக்கொண்டிருப்பார்.

லினக்ஸில் ஒரே கோப்பு முறைமைக்குள் `mv` செய்தால் கோப்பின் பெயரும் இடமும் மட்டுமே மாறுகின்றன, உள்ளே இருக்கும் தரவு நகர்வதே இல்லை. நிலையத்தில் இருந்து கோப்பு இன்னும் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் நிரல் அதைப் படித்து, பாதியை ஏற்றி, ஆவண அடைவுக்கு நகர்த்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் இணைப்பு அதே கோப்பைத் திறந்து வைத்திருப்பதால், மீதி வரிகளும் நகர்ந்த இடத்திலேயே தொடர்ந்து எழுதப்பட்டு முடிகின்றன. காலையில் நீங்கள் பார்ப்பது முழுமையான கோப்பு, இரவில் நிரல் பார்த்தது பாதிக் கோப்பு. நீங்கள் சாட்சியாகக் கொண்டது இரவுக்குப் பின் வளர்ந்துவிட்ட சாட்சி.

`/data/in`, `/data/arch` இரண்டும் ஒரே கோப்பு முறைமையில்தானே இருக்கின்றன? தவறிய இரவுகளில் நிராகரிக்கப்பட்ட அந்த ஒற்றை வரி எப்படி இருக்கிறது என்பதையும் இங்கே காட்டுங்கள்.

தொப்பூர்க்கணவாய்

அக்கா, இரண்டும் ஒரே `/data` கோப்பு முறைமையில்தான் இருக்கின்றன. நிராகரிப்பு லாகில் அக்டோபர் 19 அன்று பாலக்கோட்டுக்கு இருக்கும் வரி இது:

```
2024-10-19,E,PLC,004412,6.2,4.
```

ஆவணக் கோப்பில் இதே உறுப்பினரின் வரி எட்டுப் பத்திகளோடு முழுமையாக இருக்கிறது. இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். நிலையத்தில் தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டேன். ஆனால் ஆவணக் கோப்பில் பிழை இல்லையே என்று கேட்கத் தோன்றவில்லை.

தென்பெண்ணை

அந்த வரி கொழுப்பு எண்ணின் நடுவில், புள்ளிக்குப் பிறகு அறுந்திருக்கிறது. தட்டச்சுப் பிழை அந்த இடத்தில் வரியை முடிக்காது. ஏற்றப்பட்ட வரிகளின் பைட்டுகளையும் இந்தத் துண்டு வரியையும் கூட்டிப் பாருங்கள். வலையில் அனுப்பும் நிரல்கள் தரவைக் குறிப்பிட்ட அளவுள்ள கட்டிகளாகவே எழுதும் என்பதால், கூட்டுத்தொகை 4096 போன்ற ஓர் எண்ணால் மீதியின்றி வகுபட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

தொப்பூர்க்கணவாய்

கூட்டினேன். அன்று ஏறியவை 2,699 வரிகள், கோப்பில் இருப்பவை 2,946 வரிகள். ஏறிய வரிகளும் துண்டு வரியும் சேர்ந்து 1,18,784 பைட்டுகள். 4096-ஆல் வகுத்தால் சரியாக 29 வருகிறது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆவணக் கோப்பின் மாற்ற நேரத்தை `ls -l` மூலம் பார்த்தேன். கோப்பு 1:30 மணிக்குப் பிறகும் எழுதப்பட்டிருந்தால் நேரம் அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும், ஆனால் 00:52 என்று காட்டுகிறது.

ஒசூர்_இரவுப்பணி

அப்படியானால் பாதிக் கோப்பு என்ற கருத்து விழுந்துவிட்டது. 00:52 மணிக்கே முடிந்த கோப்பை 1:30 மணிக்குப் படித்தால் முழுமையாகத்தான் இருக்கும்.

எதற்கும் ஒரு காவல் வையுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள், ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள், மாறவில்லை என்றால் ஏற்றுங்கள். எங்கள் தொழிற்சாலையில் வருகைப் பதிவுக் கோப்புகளுக்கு மூன்று ஆண்டுகளாக இதுதான் ஓடுகிறது, ஒரு தவறும் வந்ததில்லை. பணியை 2:30 மணிக்குத் தள்ளினாலும் போதும்.

தென்பெண்ணை

கருத்து விழவில்லை. அனுப்பும் நிரல் மூலக் கோப்பின் நேரத்தையே இங்கும் பதிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், `ls -l` காட்டுவது நிலையக் கணினியில் கோப்பு உருவான நேரம். நிலையத்தில் ஓடும் கட்டளை என்ன என்று பாருங்கள்.

அந்த நேரத்தை அனுப்புபவர் மாற்றலாம். கோப்பின் நிலை கடைசியாக மாறிய நேரத்தை அவரால் விருப்பப்படி வைக்க முடியாது, அதைக் கெர்னலே எழுதுகிறது. நல்ல இரவில் அது உங்கள் `mv` நடந்த நொடியாக இருக்கும், தவறிய இரவில் `mv` நடந்த பின் வந்த கடைசி எழுத்தின் நொடியாக இருக்கும்.

```
stat -c '%n  %y  %z' /data/arch/*.csv
```

கடைசியாக வரும் நேரத்தை உங்கள் லாகில் உள்ள நேரத்தோடு ஒப்பிடுங்கள். கோப்புகளைச் சுருக்கியிருந்தாலோ வேறு வட்டுக்குப் படியெடுத்திருந்தாலோ இந்தச் சாட்சி அழிந்திருக்கும், எனவே எதையும் நகர்த்துவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

தொப்பூர்க்கணவாய்

நிலையக் கணினியின் தொகுதிக் கோப்பில் இருப்பது `pscp -p -batch`. நீங்கள் சொன்ன நேரப் பதிவு அந்த `-p` தான். அளவீட்டுக் கருவியை விற்றவர்கள் அமைத்துக் கொடுத்தது, அதை நான் இதுவரை திறந்தே பார்க்கவில்லை.

60 நாளுக்கு முந்தைய கோப்புகள் சுருக்கப்பட்டுவிட்டதால் ஏழு தவறிய இரவுகளை மட்டுமே பார்க்க முடிந்தது. அக்டோபர் 19 அன்று பாலக்கோட்டுக் கோப்பை நிரல் படிக்கத் தொடங்கியது 1:30:14, நகர்த்தியது 1:30:15, கெர்னல் பதித்துள்ள நேரம் 1:30:19. அதாவது நகர்த்திய பிறகும் நான்கு நொடி எழுதப்பட்டிருக்கிறது. அதே இரவில் காரிமங்கலம் கோப்புக்கு நகர்த்திய நொடியும் கெர்னல் நொடியும் ஒன்றே. ஏழில் ஐந்து இரவுகள் இப்படி இருக்கின்றன.

எனக்குப் புரியாமல் இருந்த இன்னொன்றும் இப்போது தெளிந்தது. ஏன் சரியாக 1:30 மணியில் இடிக்க வேண்டும்? நிலையக் கணினியின் பணி அட்டவணையில் 1:00 முதல் 2:00 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு முறை போய்ச் சேர்ந்துவிட்டால் அதன் பிறகு அனுப்பாது. மழை பெய்து பாலக்கோட்டில் இணைப்பு அறுந்த இரவுகளில் 1:00, 1:10, 1:20 முயற்சிகள் தோற்று, 1:30 மணிக்கு நான்காவது முயற்சி தொடங்குகிறது. அதே நொடியில் எங்கள் கிரானும் தொடங்குகிறது. நான் நல்லது என்று நினைத்துப் பணியைத் தள்ளி வைத்த நேரமே அவர்களுடைய முயற்சி நேரத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

ஆறாவது இரவில் கோப்பு 1:50 மணிக்கு வந்து, ஏற்றப்படாமல் `/data/in` அடைவிலேயே கிடந்தது. நிலையம் அறவே ஏறாத இரவுகளுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஏழாவது இரவை மட்டும் விளக்க முடியவில்லை. அன்று பென்னாகரத்தின் மாலை வேளைக் கணக்கு ஆவணக் கோப்பிலும் இல்லை.

அரூர்த்தம்பி

அண்ணா, இந்தப் பணியை ஏற்கப் போவது நான்தான் என்பதால் ஒன்று கேட்கிறேன். சென்ற பட்டுவாடாவின்போது பாலக்கோட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் ரசீதுடன் அலுவலகம் வந்தார். 5.8 லிட்டருக்கு ரசீதில் 214.60 ரூபாய் இருந்தது, நம் கணக்கில் 21 ரூபாய் இருந்தது. நீங்கள் கையால் திருத்தினீர்கள். அன்று நிராகரித்த வரி எதுவும் லாகில் இல்லை. அதுவும் இதே பழுதா?

தென்பெண்ணை

அதே பழுதின் மிக மோசமான முகம் அதுதான் தம்பி. கடைசிப் பத்தி தொகை என்பதால், வரி தொகையின் நடுவில் அறுந்தால் எட்டுப் பத்திகளும் இருக்கும். 214.60 என்பதில் 21 மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, அதுவும் செல்லத்தக்க எண்தான். நிரலுக்குச் சந்தேகப்பட வழியே இல்லை. நிராகரிப்பு லாக் காலியாக இருப்பதை வைத்து இரவு நல்லபடியாகக் கழிந்தது என்று எண்ணக் கூடாது என்பதைக் குறிப்பில் தனி வாக்கியமாக எழுதுங்கள். அந்த அம்மா ரசீதை எடுத்து வைத்திருந்ததால் தெரிய வந்தது. அன்று அவருடைய வரிக்குப் பின்னால் இருந்தவர்களின் கணக்கும் ஏறாமல் போயிருக்கும், அவை பிறகு ஏற்றப்பட்டனவா என்றும் சரிபாருங்கள்.

ஒசூர் நண்பர் சொன்னதில் 2:30 மணிக்குத் தள்ளுவது நல்ல யோசனை. முயற்சிகள் 2:00 மணியோடு முடிவதாலும், விடியற்காலைப் பால் வருவதற்கு முன் வேறு வேலை இல்லாததாலும் இன்றே செய்யலாம். ஆனால் அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கும் காவலை நம்பி இருக்க முடியாது. பாதியில் இணைப்பு அறுந்தால் அந்தப் பாதிக் கோப்பு அடுத்த முயற்சி வரை அளவு மாறாமல்தான் கிடக்கும். கடைசி முயற்சியும் அறுந்தால் விடியும் வரை அப்படியே கிடக்கும்.

ஒசூர்_இரவுப்பணி

ஏற்கிறேன், எங்கள் வலை தொழிற்சாலைக்கு உள்ளேயே இருப்பதால் அறுந்ததில்லை. அப்படியானால் `fuser` மூலம் கோப்பை யாராவது திறந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்கலாமே?

தென்பெண்ணை

இறக்குமதி நிரல் ஒரு பயனராகவும் கோப்பைப் பெறும் இணைப்பு வேறொரு பயனராகவும் ஓடினால், ரூட் உரிமை இல்லாத `fuser` மற்றவருடைய செயல்களைப் பார்க்க முடியாமல், யாரும் திறக்கவில்லை என்றே சொல்லும். உரிமை கொடுத்தாலும் அறுந்துபோன பாதிக் கோப்பை அது காட்டாது, ஏனென்றால் அதை இப்போது யாரும் திறந்து வைத்திருக்கவில்லை.

முழுமை என்பதை அனுப்புபவர் மட்டுமே அறிவார், எனவே அவர்தான் சொல்ல வேண்டும். `pscp` கட்டளைக்குப் பதிலாக அதே தொகுப்பில் இருக்கும் `psftp` நிரலுக்கு இரண்டு வரி கொடுங்கள்:

```
put PLC.csv PLC.csv.part
mv PLC.csv.part PLC.csv
```

இதை `-b` வழியாகக் கொடுத்தால் முதல் வரி தோற்கும்போது அது அங்கேயே நின்றுவிடும், பெயர் மாற்றம் நடக்காது. `-be` என்று கொடுத்துவிடாதீர்கள், அது பிழைக்குப் பிறகும் தொடரும். உங்கள் நிரல் `.csv` என்று முடியும் பெயரை மட்டும் எடுக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொப்பூர்க்கணவாய்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பணியை 2:30 மணிக்கு மாற்றிவிட்டேன். பாலக்கோடு, காரிமங்கலம், அரூர் மூன்றிலும் `psftp` ஓடுகிறது. தவறிய இரவு இல்லை, ஆனால் இந்த மூன்று வாரத்தில் மழையும் இல்லை, எனவே தீர்ந்தது என்று குறிப்பில் எழுதவில்லை. மற்ற மூன்று நிலையங்களில் கருவியை விற்றவர்களின் கடவுச்சொல் இல்லாமல் தொகுதிக் கோப்பை மாற்ற முடியவில்லை, கேட்டிருக்கிறோம்.

புதிதாக ஒரு தடங்கலும் வந்தது. காரிமங்கலத்தில் திருத்திய கோப்பை இரவு 1:15 மணிக்குக் கையால் மறுபடி அனுப்பினார்கள். முதல் கோப்பு அப்போது `/data/in` அடைவில் இருந்ததால் பெயர் மாற்றம் மறுக்கப்பட்டு, திருத்தம் `.part` பெயரிலேயே நின்றது. பழைய கணக்கே ஏறியது.

குறிப்பின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆவண அடைவில் கோப்பு முழுமையாக இருப்பதை வைத்து, ஏற்றிய நேரத்திலும் அது முழுமையாக இருந்தது என்று முடிவு செய்யக் கூடாது. அந்த முடிவால் ஐந்து மாதம் தவறான இடத்தில் தேடினோம். டேட்டாபேஸின் நினைவகத்தையும் வட்டையும் மாற்றியதற்கு வேறு காரணம் இல்லை, அவற்றைத் திரும்பச் சோதிக்க வேண்டாம்." பழைய முடிவையும் அழிக்காமல் கோடிட்டு வைத்திருக்கிறேன், ஏன் அப்படி நினைத்தோம் என்பது தம்பிக்குத் தெரிய வேண்டும்.

தென்பெண்ணை

திருத்தம் வரும்போது பழையதை முதலில் நீக்கிவிட்டுப் பெயர் மாற்றலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் அன்று ஒன்றுமே இருக்காது. கோப்புப் பெயரில் நேரத்தையும் சேர்த்து, பிந்தையதை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கோப்பின் கடைசியில் மொத்த வரி எண்ணிக்கையை ஒரு வரியாக எழுதித் தரும்படியும் விற்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்

பென்னாகரத்து மாலை வேளை பற்றி நேரம் குறித்தே மறுபடி கேட்கிறேன். நிலையக் கணினியின் கடிகாரம் சரியாக இருந்ததா? தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த பழைய கணினி, மின்வெட்டுக்குப் பிறகு தவறான தேதியோடு எழும். அன்றைய மாலைப் பால் வேறு தேதியில் பதிவாகியிருக்கலாம்.

அரூர்த்தம்பி

நேற்று பென்னாகரம் நிலையத்துக்கு நேரில் சென்று பார்த்தேன் ஐயா. கடிகாரம் இப்போது சரியாக இருக்கிறது, வலை வந்ததும் தானாகத் திருத்திக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள், எனவே அன்று எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. அன்றைய மாலை ரசீது அடிக்கட்டைகளை நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் அச்சாகியுள்ள தேதியை நாளை வாங்கிப் பார்த்துவிட்டு, டேட்டாபேஸில் அந்தத் தேதியில் தேடுகிறேன். அதுவரை குறிப்பில் அந்த இரவுக்கு எதிரே 'காரணம் தெரியவில்லை' என்றே இருக்கட்டும் அண்ணா.